விவாகரத்துக்குப் பின் கூட்டு வீட்டுக்கடன்: கொட்டகலையிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் விவாகரத்து வழக்கின் தீர்ப்பு 2022 பெப்ரவரியில் முடிவானபோது, வீட்டுக்கடன் விடயமும் அத்துடன் முடிந்துவிட்டது என்றே நான் நம்பினேன். வங்கிக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணையில் ஆளுக்குப் பாதி என்று இருவரும் இணங்கி, அந்த இணக்கம் நீதிமன்ற ஏட்டிலும் பதிவாகியிருந்தது. அது என்னைக் காப்பாற்றும் காகிதம் அல்ல என்பதை அடுத்த ஒரு வருடத்துக்குள் தெரிந்துகொண்டேன். இதே நிலையில் இருக்கும் சகோதரிகளும் சகோதரர்களும் என்னைப் போலத் தடுமாறக் கூடாது என்பதற்காக, நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

நான் ஓர் ஆசிரியை. என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கொட்டகலைக்கு அருகே சொந்த உறுதியோடு 10 பேர்ச் காணி வாங்கியது சிறிய காரியம் அல்ல. காணியை என் பெயரிலும் என் கணவராக இருந்தவர் பெயரிலும் பிரிக்கப்படாத சம பங்குகளாக எழுதினோம். 2017 மார்ச்சில், வீடு கட்டுவதற்காக, இருவரும் சேர்ந்து ஒரு வங்கியில் 30 இலட்சம் ரூபா கடன் எடுத்தோம். தவணைக்காலம் 15 ஆண்டுகள். முதல் 5 ஆண்டுகளுக்கு 12 சதவீத நிலையான வட்டி, அதன் பிறகு சந்தையோடு மாறும் வட்டி. மாதத் தவணை 36,005 ரூபா.

2019 இறுதியில் அவர் கொழும்புக்கு வேலை மாறிச் சென்றார், பின்னர் வீட்டுக்குத் திரும்பவில்லை. காரணங்களை இங்கே எழுத விரும்பவில்லை. கடனைப் பொறுத்தவரை, 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தவணை முழுவதையும் நானே கட்டினேன் என்பது மட்டுமே முக்கியம். மாலை நேர வகுப்புகளில் கிடைத்த பணமும் என் சம்பளமும் சேர்ந்துதான் அதற்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் நாட்டின் பொதுச் சட்டத்தில், இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று சொல்வதனால் மட்டும் விவாகரத்துக் கிடைக்காது. திருமணத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைவு போன்ற காரணங்களில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். நான் கைவிட்டுச் சென்றமையைக் காரணமாகக் காட்டி வழக்குத் தொடர்ந்தேன், அவர் எதிர்க்கவில்லை. முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பு வழங்கப்பட்டு, குறைந்தது மூன்று மாதங்கள் சென்ற பின்னரே அது முடிவாக்கப்படும். சொத்து, கடன், பிள்ளை பற்றிய இணக்கத்தை எழுதி நீதிமன்றத்தில் கொடுப்பதற்கு அந்த மூன்று மாதங்களுக்கு முந்திய காலமே உகந்தது. அவசரத்தில் நான் தவறவிட்டது அந்த வாய்ப்பைத்தான்.

எங்கள் இணக்கத்தில் கடனைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: வங்கிக் கடனுக்காக இரு தரப்பினரும் மாதமொன்றுக்கு 18,000 ரூபா வீதம் செலுத்துவர். வீடு யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, ஒருவர் கட்டாவிட்டால் என்ன செய்வது, வட்டி மாறினால் என்ன செய்வது என்ற எதுவும் அதில் இல்லை. அப்போது அது நியாயமாகவே தோன்றியது. 36,000 ரூபாவில் பாதி 18,000 ரூபா, கணக்கும் நேராகவே இருந்தது.

2022 மார்ச்சில் நிலையான வட்டிக்காலம் முடிந்தது. அப்போது கடன் கணக்கின் மீதியைப் பார்த்த எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. 60 தவணைகளில் மொத்தம் 21 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா கட்டியிருந்தோம், ஆனால் கடனின் முதல் தொகையில் குறைந்திருந்தது ஐந்து இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான தொகையே. இன்னும் 25 இலட்சத்துக்கு மேல் பாக்கி. நீண்டகாலக் கடனில் முதல் ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். எனவே, "ஐந்து வருடம் கட்டியாயிற்று, மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும்" என்ற மனக்கணக்கோடு பிரிவினைப் பேச்சுக்கு உட்காரக் கூடாது. வங்கியில் அன்றைய திகதிக்கான மீதிக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது நினைவிருக்கும். எங்கள் கடனின் வட்டி மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மீளாய்வு செய்யப்பட்டது. ஜூலையில் வந்த கடிதத்தில் வட்டி 22 சதவீதம், புதிய தவணை ஏறத்தாழ 51,500 ரூபா என்றிருந்தது. அவரை அழைத்துப் பேசினேன். "கோர்ட்டில் எழுதியிருப்பது 18,000. நான் அதைக் கட்டுகிறேன்" என்றார். எழுதியிருந்தபடி பார்த்தால் அவர் சொன்னது சரிதான். பாதி என்று எழுதாமல் தொகையை எழுதியது எங்கள் பிழை. மீதி 33,500 ரூபா என் தலையில் விழுந்தது. 2023 ஜனவரி முதல் அவர் அந்த 18,000 ரூபாவையும் நிறுத்திக்கொண்டார். என்னால் இயன்ற 33,500 ரூபாவை மட்டும் மாதந்தோறும் கட்டினேன், குறைந்த 18,000 ரூபா மாதத்துக்கு மாதம் நிலுவையாகச் சேர்ந்தது. ஜூன் மாதத்தில் நிலுவை ஒரு இலட்சத்து 8 ஆயிரம் ரூபாவைத் தொட்டது. தாமத வட்டி அதற்குப் புறம்பாக.

வங்கியிலிருந்து கோரிக்கைக் கடிதம் வந்த அன்று, நீதிமன்ற ஆணையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். என் பங்கை நான் கட்டிவிட்டேன், மிகுதியை அவரிடம் கேளுங்கள் என்று சொல்வதற்காகவே போனேன். கடன் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் ஆணையை முழுவதும் பொறுமையாக வாசித்தார். பிறகு எங்கள் கோப்பிலிருந்து ஈட்டு முறியை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழே பேனையை வைத்துத் தமிழில் விளக்கினார்: "டீச்சர், இங்கே பாருங்கள். கடனாளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருக்கிறது. இந்த வழக்கில் நாங்கள் ஒரு கட்சி இல்லை. இந்த ஆணை உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. எங்களுக்கு இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு."

அந்த முறி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்திட்ட நாளில் எனக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மலையகத்தில் எத்தனையோ பேர் தங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கும் முறிகளில் கையெழுத்திடுகிறார்கள். நொத்தாரிசிடம் அந்த ஒரு வரியையாவது தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

"கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்களின் கனத்தைப் பிறகு என் சட்டத்தரணி விளக்கினார். எங்கள் நாட்டில் இன்னும் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டத்தின் பொதுவிதிப்படி, இருவர் சேர்ந்து கடன்பட்டால் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. ஆனால் இந்தச் சொற்கள் முறியில் வந்துவிட்டால் அந்த விதி விலகிவிடும். வங்கி தனக்கு எளிதில் அகப்படுபவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம், முதலில் மற்றவரிடம் போங்கள் என்று நாம் சொல்ல முடியாது. மாதச் சம்பளம் வாங்கும், ஊரை விட்டுப் போக முடியாத, பிள்ளையோடு அதே வீட்டில் இருக்கும் ஆசிரியைதான் எளிதில் அகப்படுபவர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் நீதிமன்ற ஆணைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டேன். மதிப்பு உண்டு, ஆனால் அது வேலை செய்யும் இடம் வேறு. ஒருவர் தம் பங்குக்கு மேல் வங்கிக்குக் கட்டினால், மேலதிகமாகக் கட்டியதை மற்றவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இணக்க ஆணை அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானித்து வைக்கிறது. அதாவது, முதலில் வங்கியிடம் கட்டி வீட்டைக் காப்பாற்ற வேண்டும், பிறகு மற்றவரிடம் வசூலிக்க வேண்டும். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் இருந்தால், ஆணை சரியாகவே இருக்க வீடு போய்விடும்.

வீடு எப்படிப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஊரில் பல தவறான பேச்சுகள் உலவுகின்றன. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வங்கிக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதை வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்து, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். இதைத்தான் பராட்டே என்கிறார்கள். ஆனால் 2011இல் வந்த திருத்தத்தின்படி, கடனாகப் பெற்ற முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் இந்த வழியை வங்கி பயன்படுத்த முடியாது. சேர்ந்த வட்டியும் தண்டப்பணமும் அந்தக் கணக்கில் வராது. எங்கள் கடன் 30 இலட்சம் என்பதால், வங்கி மாவட்ட நீதிமன்றத்தில் ஈட்டு வழக்குத் தொடர வேண்டியிருக்கும். எனக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அது காலம் மட்டுமே, விடுதலை அல்ல. அந்த வழக்கில் இருவரும் எதிராளிகளாவோம், வழக்குச் செலவும் கடனோடு சேரும், இறுதியில் விற்கப்படுவது அதே வீடுதான்.

இன்னொரு பாதிப்பு சத்தமில்லாமல் நடந்தது. மகளின் படிப்புக்காகச் சிறிய தொகை ஒன்றை வேறொரு வங்கியில் கடனாகக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், நாம் 'கிரிப்' என்று சொல்கிறோமே அதில், வீட்டுக்கடனின் நிலுவை என் பெயரிலும் காட்டப்பட்டிருந்தது. கூட்டுக் கடனில் யார் கட்டத் தவறினார் என்று அந்த அறிக்கை பார்ப்பதில்லை, நிலுவை இருவர் பெயரிலும் ஏறும். தன் சொந்த அறிக்கையை எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். விவாகரத்து வழக்குத் தொடங்கும்போதே அதை எடுத்துப் பார்ப்பது நல்லது, தெரியாமல் பிணை நின்ற கடன்களும் அதில் தெரியவரும்.

இந்த இடத்தில் சொத்துரிமை பற்றிய ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உறவினர் ஒருவர், "திருமணத்துக்குப் பின் தேடியது தேடியதேட்டம், சட்டப்படி பாதி உனக்குத்தான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். அது தேசவழமைச் சட்டம், அது வட மாகாணத் தமிழருக்கு உரியது, மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. நமக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அதில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. திருமணம் செய்தார்கள் என்பதனால் மட்டும் சொத்து பொதுவாகிவிடுவதில்லை, உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பதே தொடக்கம். இதனால் மிகவும் பாதிக்கப்படுபவர்கள், காணி கணவன் பெயரில் மட்டும் இருக்க, கடனுக்குப் போதிய வருமானம் காட்டுவதற்காகத் தாங்களும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட பெண்கள். அவர்களுக்கு வீட்டில் பங்கில்லை, கடனில் முழுப் பொறுப்பு உண்டு. கையெழுத்திடும் முன்பே உறுதியில் பெயர் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அதேவேளை, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு விவாகரத்து வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு முக்கியமான அதிகாரங்களைக் கொடுக்கிறது. ஒரு தரப்பின் சொத்தை அல்லது அதன் பகுதியை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கும்படி கட்டளையிடலாம். மொத்தத் தொகை கொடுக்கச் சொல்லலாம், மாதாந்தம் செலுத்தச் சொல்லலாம், பின்னர் நிலைமை மாறினால் அந்தக் கட்டளையை மாற்றவும் செய்யலாம். நீதிமன்றத்தால் செய்ய முடியாதது ஒன்றுதான்: வங்கியின் சம்மதமில்லாமல் ஒரு கடனாளியைக் கடனிலிருந்து விடுவிப்பது. இந்த எல்லை புரிந்த பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. தவணையைப் பங்கிடுவதை விட்டுவிட்டு, ஒருவர் வீட்டிலிருந்தும் கடனிலிருந்தும் முழுமையாக வெளியேறும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டை விற்பதா, ஒருவர் எடுத்துக்கொள்வதா என்பதே கேள்வி. நான் எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. ஆண்டின் இறுதியில் இரு சட்டத்தரணிகளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கும் காணிக்கும் 60 இலட்சம் ரூபா மதிப்பிட்டார். நிலுவை எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டிய கடன் 25 இலட்சம் ரூபா. மிகுதி 35 இலட்சம், அதில் அவருடைய பாதி பதினேழரை இலட்சம் ரூபா. அதிலிருந்து அவர் தர வேண்டியவற்றைக் கழித்தோம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் 24 தவணைகளில் அவருடைய பாதியும், அதன் பின் என் பாதிக்கு மேல் நான் கட்டியதும் சேர்ந்து 5 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. 2023இல் அவர் நிறுத்தியதால் சேர்ந்த நிலுவை 2 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. மீதி 9 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை எனக்கான மொத்தத் தொகையாக ஏற்றுக்கொண்டு, அவர் தம் அரைப் பங்கை எனக்கு எழுதித் தருவது என்று முடிவாயிற்று. மகளின் மாதாந்தத் தாபரிப்பு இதில் அடங்காது என்று தனி வரியாக எழுதும்படி என் சட்டத்தரணி வற்புறுத்தினார், ஏனெனில் அது பிள்ளையின் உரிமை, அதை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை.

அந்த 24 தவணைகள் பற்றித்தான் கடைசிவரை வாக்குவாதம் நடந்தது. தவணை கழியும் கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கூட்டுச் சேமிப்புக் கணக்கு. கணக்கு அறிக்கையில் "காசு வைப்பு" என்று மட்டும் இருந்ததால், அதைத் தாமும் போட்டிருக்கலாம் என்று அவர் தரப்பு வாதிட்டது. நல்ல வேளையாக, வங்கியில் காசு போடும்போது கிழித்துத் தரும் அடிக்கட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் பணம் செலுத்தியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. 24இல் 22 கிடைத்தன, மற்ற இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். பிரிந்த நாளிலிருந்து தன் பெயரில் தனிக் கணக்கொன்று திறந்து, அதிலிருந்து நேரடியாகக் கடன் கணக்குக்குப் பணம் மாற்றினால் இந்தச் சிக்கலே வராது.

இந்த முறை இணக்கத்தை விரிவாக எழுதினோம். அவர் தம் பங்கை எனக்கு எழுதித் தரும் திகதி, நான் புதிய கடன் எடுத்து அவரைப் பழைய கடனிலிருந்து விடுவிக்க வேண்டிய கடைசித் திகதி, அதுவரை தவணை கட்டுபவர் யார், அந்த இடைக்காலத்தில் வங்கி அவரிடம் கேட்டால் அவருக்கு ஏற்படும் நட்டத்தை நான் ஈடுசெய்வேன் என்ற உறுதிமொழி, அவர் கையெழுத்திட மறுத்தால் நீதிமன்றப் பதிவாளர் அவருக்குப் பதிலாக உறுதியில் கையெழுத்திடலாம் என்ற சம்மதம், குறித்த காலத்துக்குள் எனக்குக் கடன் கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுக் கடனைத் தீர்ப்பது என்ற மாற்று ஏற்பாடு ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. தொகை வரும் இடமெல்லாம் விகிதமும் எழுதப்பட்டது. இரு தரப்பும் நீதிமன்றத்தில் தோன்றி, அதே வழக்கில் அதைப் பதிவு செய்தோம்.

வங்கியின் பக்கம் எளிதாக இருக்கவில்லை. ஒரு பெயரை அழித்துவிட்டு மற்றப் பெயரை வைத்துக்கொள்வது என்று நாம் நினைப்பதை, வங்கி புதிய கடன் விண்ணப்பமாகவே பார்க்கிறது. முதலில் நிலுவை முழுவதும் தீர வேண்டும். என் தனிச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்றார்கள். கழிவுகளுக்கு முந்திய என் சம்பளம் அப்போது 60,000 ரூபா. அதன்படி என்னால் தாங்கக்கூடிய தவணை 24,000 ரூபா, 14 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு அது 18 இலட்சம் ரூபாவுக்குச் சரியாகும். ஆக, 25 இலட்சத்தில் 7 இலட்சம் ரூபாவை நான் கையில் கட்ட வேண்டியிருந்தது. அம்மா தன் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வைத்திருந்த 4 இலட்சம் ரூபாவைக் கொடுத்தார். மீதி மூன்றுக்கு என் நகைகளை விற்றேன். அம்மா அந்தப் பணத்தை வேறொரு காரியத்துக்காக வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதற்கு மேல், கடனோடு இணைந்த ஆயுள் காப்புறுதி இருவர் உயிர்மீதும் இருந்ததால், அதை முடித்து என் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

உறுதி எழுதும்போது இன்னொரு சோதனை வந்தது. அவருடைய அரைப் பங்கின் பெறுமதி 30 இலட்சம் ரூபா என்பதால், கைமாற்ற உறுதிக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாக 1,19,000 ரூபா வந்தது. நன்கொடை உறுதியாக எழுதினால் 60,500 ரூபாதான், அப்படிச் செய்யலாமே என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். என் சட்டத்தரணி மறுத்துவிட்டார். "இது தானம் இல்லை. கணக்குத் தீர்த்து வாங்குகிறீர்கள். தானம் என்று எழுதினால் அது உண்மைக்கு மாறானது. நாளைக்கு நன்றிகெட்ட நடத்தை என்று சொல்லி அதை இரத்துச் செய்யக் கேட்கவும் இடம் வைத்துவிடுவீர்கள்" என்றார். மிச்சமாகும் 58,500 ரூபாவுக்காக வீட்டையே சந்தேகத்தில் வைக்க நான் விரும்பவில்லை.

2024 மார்ச்சில் ஒரு நாள் காலை, வங்கியின் சட்டத்தரணி முன்னிலையில், மூன்று ஆவணங்களும் அடுத்தடுத்துக் கையெழுத்தாகின: பழைய ஈட்டை நீக்கும் ஆவணம், அவர் பங்கை எனக்கு மாற்றும் உறுதி, என் பெயரில் மட்டும் புதிய ஈட்டு முறி. இந்த வரிசை முக்கியமானது, மூன்றையும் தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதிவதும் முக்கியமானது. இலங்கையில் முதலில் பதியப்பட்ட ஆவணத்துக்கே முன்னுரிமை. உறுதி பதியப்படாமல் இருக்கும் இடைவெளியில், அவருக்குக் கடன் கொடுத்த வேறொருவர் அவருடைய அரைப் பங்கைக் கைப்பற்றும் அறிவித்தலைப் பதிந்துவிட்டால், கையெழுத்தான உறுதி கையில் இருந்தும் அது பயன்படாமல் போகலாம். அதனால் நான் நொத்தாரிசு அனுப்பிவிடுவார் என்று காத்திருக்கவில்லை. இரண்டு வாரங்களின் பின் பதிவகத்துக்குப் போய், எங்கள் காணிக்குரிய பக்கத்தின் பிரதிக்கு விண்ணப்பித்தேன். அதில் மூன்று பதிவுகளும் அதே வரிசையில் இருந்தன.

வங்கியிடமிருந்து அவர் பழைய கடனிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டுப் பெற்று, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பினேன், ஏனெனில் அவருடைய பெயரும் கிரிப்பில் இருந்தது. மூன்று மாதங்களின் பின் என் அறிக்கையை மீண்டும் எடுத்தேன். பழைய கூட்டுக் கடன் தீர்க்கப்பட்டதாகவும், 18 இலட்சம் ரூபாக் கடன் என் பெயரில் மட்டும் ஒழுங்காகக் கட்டப்படுவதாகவும் இருந்தது. 2023இன் தாமதங்கள் மட்டும் பழைய கடனின் வரலாற்றில் இன்னும் தெரிகின்றன.